“27 முடிவதற்குள் நிகாஹ்”: பெற்றோரின் அவசரமும் பிள்ளையின் தயக்கமும்



“ஹஜ்ரத், 27 முடிவதற்குள் நிகாஹ் முடிக்கணும் என்று அத்தா பிடிவாதமாக இருக்கிறார். நான் இன்னும் தயாராகவில்லை. மறுத்தால் பெற்றோரை நோவினை செய்த பாவம் வருமா?” ஜும்ஆ முடிந்ததும் வாலிபர்கள் ஓரமாக வந்து கேட்கும் கேள்வி இது.

27 என்ற கணக்கு மார்க்கம் சொன்னதல்ல. அப்துல்லாஹ் இப்னு மஸ்ஊத் (ரலி) அறிவிக்கும் ஹதீஸில், சக்தி பெற்றவர் மணமுடிக்க வேண்டும், இயலாதவர் நோன்பு நோற்க வேண்டும் என்றுதான் நபி (ஸல்) அவர்கள் வாலிபர்களுக்குச் சொன்னார்கள். வயதைச் சொல்லவில்லை. அங்கே வரும் ‘பாஅத்’ என்ற சொல்லுக்கு, தாம்பத்திய ஆற்றல் என்றும் நிகாஹின் செலவைத் தாங்கும் வசதி என்றும் இமாம்கள் விளக்கம் தருகிறார்கள். ஆசை இருந்தும் வசதி இல்லாதவர் மணமுடிப்பது மக்ரூஹ் என்று இமாம் நவவி (ரஹ்) அவர்கள் எழுதுகிறார்கள். ஆக, உண்மையிலேயே இயலாதவர் தள்ளிப்போடுவது பாவமல்ல.

ஆனால் தம்பி, எந்த வசதி என்பதுதான் விஷயம். ஷாஃபிஈ மத்ஹபில் ஏழைக் கணவன் மனைவிக்குக் கொடுக்க வேண்டிய உணவு, நாளொன்றுக்கு ஒரு முத்து தானியம். இரு கைகளாலும் அள்ளும் அளவு. அதோடு குழம்புக்கு வேண்டியது, உடை, இருப்பிடம். மஹரைக் கூட இருவரும் ஒத்துக்கொண்டால் பிறகு கொடுக்கலாம். மண்டபமும் ஐந்நூறு பேருக்குப் பிரியாணியும் இந்தப் பட்டியலிலேயே கிடையாது!

ஒருவருக்குச் சம்பளம் 20,000 என்று வையுங்கள். படிப்புக் கடன் தவணை 7,000, வீட்டுக்கு 9,000. மீதி 4,000. இதில் வாடகை கொடுத்து இன்னொருவரை வைத்துக் காப்பாற்ற முடியாது. இவருடைய தயக்கம் நியாயமானது. கடன் எட்டு மாதத்தில் முடிகிறது என்றால், அத்தாவிடம் “இப்ப வேண்டாம்” என்று முகத்தைத் திருப்பாமல், கணக்கைக் காட்டி, “எட்டு மாதம் கழித்துப் பெண் பாருங்கள்” என்று சொல்லட்டும். நேரில் பேசினால் குரல் உயரும் என்று தெரிந்தால் மாமாவை வைத்துப் பேசட்டும். ‘சீ’ என்ற சொல்லையே அல்லாஹ் தடுத்திருக்கிறான். மாதத்தைச் சொல்லிவிட்டால் அம்மா அழுவது பாதி குறையும். அவர்கள் பயப்படுவது, பிள்ளை ஒரேயடியாக வேண்டாம் என்று விடுவானோ என்றுதான்.

அதே சமயம், ஹராமில் விழுந்துவிடுவோம் என்று அஞ்சுகிறவருக்குச் சட்டம் மாறுகிறது. வசதியும் இருந்தால் அவருக்கு நிகாஹ் கடமையாகவே ஆகிவிடும். அவர் கார் வாங்கிய பிறகு பார்க்கலாம் என்று சொல்லக் கூடாது.

பெற்றோர்களே! மகள் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். கன்னிப் பெண்ணிடமும் அனுமதி கேட்கும்படி நபி (ஸல்) அவர்கள் சொன்னார்கள். முன்பே மணமாகியிருந்த கன்ஸா பின்த் கிதாம் (ரலி) அவர்களை, அவருக்கு விருப்பமில்லாமல் தந்தை மணமுடித்து வைத்தார். அவர் நபியவர்களிடம் வந்து முறையிட்டார். அந்த நிகாஹை நபி (ஸல்) அவர்கள் ரத்துச் செய்தார்கள்.