மருமகளுக்கு ஆறு வரி

அக்காவின் சின்ன மகளுக்குப் பன்னிரண்டு வயது. அவளுடைய நீராட்டு விழாவுக்குத் தாய்மாமன் சீர் என்னுடையது. பட்டுப்பாவாடையும் தாவணியும் எடுத்தாயிற்று. மாலைக்குச் சொல்லியாயிற்று. இருபத்தோரு தட்டு என்று கணக்கும் போட்டாயிற்று. அதில் எனக்குத் தடுமாற்றமே இல்லை. அவள் கையில் கொடுக்க ஒரு வாழ்த்து அட்டை எழுத உட்கார்ந்தபோதுதான் மூன்று இரவு போனது.

தடுமாற்றத்துக்குக் காரணம் உண்டு. பதினொரு வருஷத்துக்கு முன்னால் இவளுடைய அக்காவுக்கு விழா நடந்தபோது தெருமுனையில் ப்ளெக்ஸ் வைத்தோம். அதற்கு நாலு வரி எழுதியவன் நான். மொட்டு அவிழ்ந்தது, மலர் மணத்தது, பருவ மங்கை வந்தாள் என்று எழுதினேன். பக்கத்தில் அவள் படம், பெரிய எழுத்தில் பெயர். அந்தத் தெரு வழியாகத்தான் அவளுடைய பள்ளிக்கூடத்துப் பையன்கள் எல்லாரும் போவார்கள். விழா முடிந்தும் நாலு நாள் அவள் பள்ளிக்குப் போகவில்லை. உடம்பு அசதி என்று நாங்களே சொல்லிக்கொண்டோம். போன வருஷம் அவளே சொன்னாள்: "மாமா, அந்த மொட்டுங்கற வார்த்தைய வச்சு எட்டாவது முழுக்கக் கூப்பிட்டாங்க." கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் எனக்குத் தாங்கவில்லை.

அப்போது நான் எழுதியது கெட்ட எண்ணத்தில் இல்லை. எல்லாப் பத்திரிகையிலும் இருக்கும் சொற்கள்தான். பூப்பு என்ற சொல்லே தொல்காப்பியத்தில் இருக்கிறது. ஆனால் மங்கை என்ற சொல் எங்கிருந்து வருகிறது என்று பின்னால் யோசித்தேன். பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண் என்ற ஏழு பருவமும் உலா இலக்கியத்தில் வரிசையாக நிற்பவை. தலைவன் வீதியில் பவனி வருவான், அந்த ஏழு பருவத்துப் பெண்களும் அவனைப் பார்த்து மயங்குவார்கள். பன்னிரண்டு வயதுப் பிள்ளையை நாம் மங்கை என்று எழுதும்போது, அந்த வீதியில் கொண்டுபோய் நிறுத்துகிறோம். பாட்டில் அது அழகு. எங்கள் தெருமுனையில் அது ஒரு குழந்தை மேல் விழுந்த பார்வை.

அதனால் இந்த முறை முதலில் சொற்களைப் பிரித்தேன். எங்கள் மதுரைப் பக்கத்தில் இந்த நிகழ்ச்சிக்கு எத்தனையோ பெயர். வயசுக்கு வந்தாள், பெரிய மனுஷி ஆனாள், சமைஞ்சாள், சடங்கு என்பார்கள். அச்சடிக்கும்போது பூப்புனித நீராட்டு, ருது மங்கள ஸ்நானம், மஞ்சள் நீராட்டு. உற்றுப் பார்த்தால் இதில் இரண்டு வகை தெரியும். பூப்பு, ருது, சமைஞ்சாள் எல்லாம் அவள் உடம்புக்கு நடந்ததைச் சொல்கின்றன. நீராட்டு, சடங்கு என்பவை நாம் அவளுக்குச் செய்வதைச் சொல்கின்றன. அட்டைக்கு இரண்டாவது வகைதான் சரி. விழாவின் பெயரையே சொல்லாமல் மழுப்புவதும் தப்பு. மாமாவே வாய்விட்டுச் சொல்லக் கூசுகிறார் என்றால், இது கூச வேண்டிய விஷயம்தான் என்று பிள்ளை முடிவு கட்டிவிடும். 'உன் நீராட்டு விழா' என்று எழுதினேன். அதில் மறைப்பும் இல்லை, விவரிப்பும் இல்லை.

அடுத்தது விளிப்பு. முறைப்படி அவள் எனக்கு மருமகள். அன்பாக 'என் மருமகளே' என்று தொடங்கினால் பெரியவர்களுக்கு இனிக்கும். ஆனால் எங்கள் குடும்பங்களில் அந்தச் சொல்லுக்குப் பின்னாலேயே கல்யாணப் பேச்சு வரும். எனக்கு ஒரு மகன் இருக்கிறான். விழாவன்று மேடைக்குக் கீழே யாராவது ஒரு பெரியம்மா அந்த முறையைச் சொல்லிச் சிரிக்காமல் இருக்கமாட்டார். என் எழுத்தும் அதற்கு எடுத்துக்கொடுக்க வேண்டாம். முதல் வரியில் அவள் பெயர் மட்டும் இருக்கட்டும் என்று விட்டேன்.

முதல் இரவு எழுதியதில் ஒரு வரி இருந்தது: 'நேற்றுவரை என் தோளில் ஏறியிருந்த குட்டி இனி இல்லை.' எழுதும்போது எனக்குக் கண் கலங்கியது. காலையில் மனைவி படித்துவிட்டு, "இது உங்க சோகம். அவ என்ன செய்வா?" என்றாள். அடித்துவிட்டேன். இரண்டாவது இரவு 'இனிப் பொறுப்பாக, அடக்கமாக' என்று ஒரு வரி வந்து உட்கார்ந்தது. அதை அன்று சொல்ல இருநூறு பேர் வருவார்கள்.

மூன்றாவது இரவுக்கு முன்னால் நடந்ததுதான் அட்டைக்கு வழிகாட்டியது. பச்சைத் தென்னை ஓலையில் குச்சு கட்டுவது மாமன் கடமை. அக்கா வீடு அடுக்குமாடியில் என்பதால் படுக்கையறை மூலையில் மூன்று ஓலை சாத்தினேன், அவ்வளவுதான் இடம். உளுந்தங்களியை ஒதுக்கி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தவள் ஓலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்டாள்: "மாமா, இனிமே நம்ம கேரம் ஆட மாட்டோமா?" அம்மாச்சி ஏதோ சொல்லியிருக்கிறார் போல. அந்தப் பிள்ளைக்குத் தெரிய வேண்டியிருந்தது எது மாறப்போகிறது என்பதல்ல, எதெல்லாம் மாறாது என்பதுதான். வாழ்த்து என்று நாம் எழுதும் எதிலும் அதற்குப் பதில் இல்லை.

நடையும் மாற்றினேன். பத்திரிகைத் தமிழில் எழுதினால் அது இன்னொரு ப்ளெக்ஸ்தான். அவளோடு பேசுகிற மாதிரியே எழுதினேன். ஒவ்வொரு வரிக்கும் ஒரே சோதனை: இதை அவள் வகுப்புத் தோழி எடுத்துச் சத்தமாகப் படித்தால் இவள் தலை குனிவாளா? கடைசியில் நின்றது இதுதான், மேலே பெயர், கீழே 'உன் மாமா':

'ஞாயித்துக்கிழமை உன் நீராட்டு விழா. சொந்தக்காரங்க எல்லாரும் உன்னை ஆசீர்வாதம் பண்ண வர்றாங்க. அங்க உனக்கு ஏதாவது பிடிக்கலைன்னா என்னைப் பாரு, நான் பக்கத்துலதான் நிப்பேன். பரீட்சைக்கு முன்னாடி யார்கிட்டயும் கேக்காம நீயே உக்காந்து பின்னக் கணக்கைப் பிடிச்சியே, அந்தப் பிடிவாதம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். அடுத்த ஞாயிறு கேரம் எப்பவும் போல. சிவப்புக் காயை இந்தத் தடவை நான் போடறேன்.'

மூன்றாவது வரியை வாய்ச்சொல்லாக எழுதவில்லை. மேடையில் அவளை மணிக்கணக்கில் உட்காரவைத்து, போட்டோக்காரர் சொல்கிறபடியெல்லாம் கன்னத்தில் கைவைக்கச் சொல்வதை அவள் அக்காவின் விழாவில் பார்த்திருக்கிறேன். எழுதிக் கொடுத்துவிட்டால் நான் நின்றே ஆகவேண்டும்.

நாலாவது வரியில் அழகு, நிறம், பட்டு எதுவும் வேண்டாம் என்று முடிவு செய்திருந்தேன். அன்று முழுக்க எல்லாரும் அவளைப் பார்த்துச் சொல்வது அதுவாகத்தான் இருக்கும். அவளே செய்த ஒரு காரியம், நான் நேரில் பார்த்தது, அதைத் தேடி எடுத்தேன். பாராட்டு பொதுவாக இருந்தால் எந்தப் பிள்ளைக்கும் பொருந்தும். பின்னக் கணக்கு இவளுக்கு மட்டும்தான் பொருந்தும்.

அட்டையை மொய்க் கவரில் வைக்கவில்லை. மொய் எழுதுகிற மேஜையில் கவர்களைப் பிரித்து, தொகையும் பேரும் மைக்கில் சொல்வார்கள். கூட இருக்கும் காகிதம் எந்தப் பங்காளி கையில் போகும் என்று சொல்ல முடியாது. சீர்த்தட்டிலும் வைக்கவில்லை. எழுதிய தாளைப் பெரியவளுக்குப் போனில் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "ஆசீர்வாதம் பண்ணன்னு இருக்கறத உன்னைப் பார்க்கன்னு மாத்திருங்க மாமா" என்றாள். மாற்றி, வேறு அட்டையில் திரும்ப எழுதினேன்.

வியாழக்கிழமை சாயங்காலம், வீட்டில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து, ஓலைக்கு மேலாக நீட்டினேன். அவள் ஒரு தடவை படித்தாள். பிறகு மடித்து ஜியாமெட்ரி பாக்ஸுக்குள் வைத்து மூடினாள். "சிவப்புக் காய் எனக்குத்தான்" என்றாள்.