2,227 புள்ளியும் 2.95 சதவீதமும்

2025 ஏப்ரல் 7, திங்கட்கிழமை. காலை 9.15-க்குப் பங்குச்சந்தை திறந்த கையோடு சென்செக்ஸ் 3,939 புள்ளிகள் வரை கீழே போனது. அமெரிக்க அதிபர் டிரம்ப் ஏப்ரல் 2-ல் அறிவித்த இறக்குமதி வரிகளும், பதிலடியாகச் சீனா அறிவித்த 34 சதவீத வரியும் ஆசியச் சந்தைகளை ஆட்டிவைத்த நாள் அது. ஹாங்காங்கின் ஹாங் செங் குறியீடு மட்டும் 13 சதவீதத்துக்கு மேல் விழுந்தது. தொலைக்காட்சித் திரையிலும் கைபேசியிலும் ‘ரத்தக்களரி’, ‘கருப்புத் திங்கள்’ என்ற சொற்கள் ஓடிக்கொண்டிருந்தன. மாலை 3.30-க்குச் சந்தை முடிந்தபோது சென்செக்ஸ் இழந்திருந்தது 2,226.79 புள்ளிகள். அதாவது 2.95 சதவீதம்.

மோசமான நாள்தான், அதில் சந்தேகமில்லை. மக்களவைத் தேர்தல் முடிவு வந்த 2024 ஜூன் 4-க்குப் பிறகு ஒரே நாளில் இவ்வளவு பெரிய சரிவு வந்ததில்லை. இந்த நாளைப் பற்றிச் சில சொற்களில் தலைப்பு எழுத வேண்டிய உதவி ஆசிரியர், நடந்ததைக் குறைக்கவும் கூடாது, படிப்பவரின் வயிற்றைக் கலக்கவும் கூடாது. இரண்டையும் ஒன்றாகச் செய்ய முடியுமா என்பதுதான் கேள்வி.

முதல் சறுக்கல் புள்ளிக்கணக்கில் நடக்கிறது. ஹர்ஷத் மேத்தா ஊழல் வெடித்த நேரத்தில், 1992 ஏப்ரல் 28 அன்று, சென்செக்ஸ் 570 புள்ளிகள் விழுந்தது. இன்றைய கண்ணுக்கு அது ஒரு சாதாரண நாளின் ஆட்டம். ஆனால் அன்றைய உயரத்தில் அது 12.77 சதவீதம், 2025-ன் அந்தத் திங்களைவிட நான்கு மடங்குக்கும் மேல் பெரிய அடி. குறியீடு உயர உயர, அதே சதவீதச் சரிவு மேலும் மேலும் பெரிய புள்ளி எண்ணாகத் தெரியும். ஆகவே புள்ளியை மட்டும் போட்டு ‘வரலாறு காணாத வீழ்ச்சி’ என்று எழுதுகிறவர் பொய் எண் எதையும் தரவில்லை. ஆனாலும் படிப்பவரிடம் ஒரு பொய் போய்ச் சேர்கிறது. ‘கருப்புத் திங்கள்’ என்ற பெயருக்கும் இதே கதைதான். 1987 அக்டோபர் 19 அன்று அமெரிக்காவின் டவ் ஜோன்ஸ் 22.6 சதவீதம் விழுந்தது. அந்த அளவு சரிவு 2025 ஏப்ரல் 7-ல் நம் சென்செக்ஸுக்கு வந்திருந்தால் சுமார் 17,000 புள்ளிகள் போயிருக்கும். அவ்வளவு பெரிய பெயரை 2,227 புள்ளிக்குச் சூட்டினால், உண்மையிலேயே அப்படி ஒரு நாள் வரும்போது சொல்லச் சொல் இருக்காது.

இரண்டாவது சறுக்கல் நேரத்தில். மதுரை–மேலூர் சாலையில், யானைமலை அடிவாரத்து ஒத்தக்கடையில், பெட்டிக்கடை வாசலில் மாலைப் பத்திரிகையின் சுவரொட்டி தொங்கும். பஸ்ஸுக்கு நிற்கிறவர் பத்திரிகையை வாங்காமலே அந்த ஒரு வரியைப் படித்துவிட்டுப் போவார். பரஸ்பர நிதியில் மாதாமாதம் இரண்டாயிரம் ரூபாய் கட்டுகிறவருக்கு அன்று கிடைக்கும் சந்தைச் செய்தி முழுவதும் அதுதான். மாலைப் பத்திரிகை அச்சுக்குப் போகும் நேரத்தில் சந்தை நடந்துகொண்டே இருக்கும். ஏப்ரல் 7 காலை நிலவரத்தை வைத்து ‘சென்செக்ஸ் 4,000 புள்ளி சரிவு’ என்று அடித்திருந்தால், அது எழுதிய நிமிடத்தில் உண்மை. சுவரொட்டி கடைக்கு வந்து சேரும்போது சரிவு பாதியளவுக்குக் குறைந்திருக்கும். ‘காலை நிலவரம்’ என்ற இரண்டு சொல்லைச் சேர்த்தால் சிக்கல் தீர்ந்தது. இடமில்லை என்பார்கள், ‘ரத்தக்களரி’ என்பதற்கு மட்டும் இடம் எப்படியோ கிடைத்துவிடுகிறது.

மூன்றாவதுதான் கொஞ்சம் சிக்கலானது: ‘முதலீட்டாளர்களுக்கு 14 லட்சம் கோடி ரூபாய் இழப்பு’. மும்பைப் பங்குச்சந்தையில் பட்டியலிட்ட நிறுவனங்களின் மொத்தச் சந்தை மதிப்பு அன்று ஏறத்தாழ அவ்வளவு குறைந்தது என்பது உண்மை. ஒவ்வொரு பங்கின் கடைசி விலையையும் அந்த நிறுவனத்தின் மொத்தப் பங்கு எண்ணிக்கையால் பெருக்கிக் கூட்டினால் அந்த மதிப்பு வரும். அந்தப் பங்குகளில் பெரும்பகுதி நிறுவனர்கள் கையிலும் அரசு கையிலும் அன்று விற்பனைக்கே வராமல் கிடந்தவை. ஆகவே 14 லட்சம் கோடி யார் சட்டைப் பையிலிருந்தும் பறந்துவிடவில்லை. அதற்காக ‘வெறும் காகிதக் கணக்கு’ என்று தள்ளிவிடவும் முடியாது. தரகரிடம் கடன் வாங்கிப் பங்கு பிடித்தவருக்கு, கூடுதல் பணம் கட்டச் சொல்லி அன்றே அழைப்பு வரும். கட்டாவிட்டால் பங்கை விற்றுவிடுவார்கள். மறுவாரம் மகளின் கல்யாணச் செலவுக்காக விற்றே ஆகவேண்டியவருக்கும் இழப்பு நிஜம். ‘சந்தை மதிப்பு 14 லட்சம் கோடி ரூபாய் குறைந்தது’ என்று எழுதினால் இரு தரப்புக்கும் அநியாயம் இல்லை. அதுவும் செய்தியின் உள்ளே வரட்டும், தலைப்பில் வேண்டாம்.

அப்படியானால் அந்த நாளின் தலைப்பு இப்படி இருக்கலாம்: ‘சென்செக்ஸ் 2.95% சரிவு, 10 மாதங்களில் ஒரே நாளில் மிக அதிகம்’. சுருக்கம்: ‘அமெரிக்க வரி அறிவிப்பைத் தொடர்ந்து ஆசியச் சந்தைகள் விழுந்த நிலையில், சென்செக்ஸ் திங்களன்று 2,227 புள்ளிகள் குறைந்து 73,138-ல் முடிந்தது. காலையில் 5 சதவீதத்துக்கு மேல் சரிந்து, பிறகு ஓரளவு மீண்டது. வெளிநாட்டு நிதி நிறுவனங்கள் 9,000 கோடி ரூபாய்க்கு மேல் நிகரமாக விற்றன. உள்நாட்டு நிறுவனங்கள் 12,000 கோடி ரூபாய்க்கு மேல் நிகரமாக வாங்கின.’

இதில் மென்மை எதுவும் இல்லை என்பதைக் கவனிக்கலாம். ‘10 மாதங்களில் மிக அதிகம்’ என்பது கடுமையான செய்தி, அது தலைப்பிலேயே நிற்கிறது. ‘அறிவிப்பைத் தொடர்ந்து’ என்ற சொல்லும் யோசித்துப் போட்டது. லட்சக்கணக்கானோர் ஏன் விற்றார்கள் என்று மாலை நான்கு மணிக்குள் யாராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. கடைசி வரி, விற்கிறவர் இருந்த சந்தையில் வாங்குகிறவரும் இருந்தார் என்று காட்டுகிறது. ‘எல்லோரும் விற்றுத் தள்ளினர்’ என்று எழுதும்போது காணாமல் போவது இந்தப் பாதிதான்.

பதற்றச் சொல்லை எதிர்ப்பவர்கள் ஒரு படி மேலே போய், ‘முதலீட்டாளர்கள் அஞ்சத் தேவையில்லை’ என்ற வரியையும் சேர்க்கச் சொல்வார்கள். மறுநாளே சென்செக்ஸ் 1,089 புள்ளிகள் ஏறியதைச் சாட்சிக்கு அழைப்பார்கள். திங்கள் மாலை எழுதியவருக்குச் செவ்வாய்க்கிழமை தெரியாது. 2008 ஜனவரி 21 அன்று சென்செக்ஸ் 7.4 சதவீதம் விழுந்து 17,605-ல் முடிந்தது. அன்று ‘இது தற்காலிகம்’ என்று ஒருவர் ஆறுதல் எழுதியிருந்தால், அதை நம்பிக் காத்திருந்த வாசகர் 2009 மார்ச் 9-ல் 8,160-ஐப் பார்த்திருப்பார். ஆறுதலும் ஒரு கணிப்பு. கணிக்கும் வேலை செய்தி மேசைக்கு இல்லை. ‘லேசான திருத்தம்’, ‘லாபம் பார்க்க விற்றனர்’ போன்ற தயார் சொற்களும் இதே வகைதான். பெரிய விளம்பரதாரர்களில் நிதி நிறுவனங்களும் உண்டு என்பதால், இந்தப் பக்கச் சாய்வு பதற்றத்தைவிடக் கண்ணில் படாமல் நுழையும்.

சில நாட்களில் உரக்கச் சொல்லியே ஆகவேண்டும். 2020 மார்ச் 5-ல் ரிசர்வ் வங்கி கேட்டுக்கொண்டபடி மத்திய அரசு, யெஸ் வங்கி வாடிக்கையாளர்கள் ஒரு மாதத்துக்கு 50,000 ரூபாய்க்கு மேல் எடுக்கத் தடை விதித்தபோது, அந்தத் தொகையையும் தேதியையும் கொட்டை எழுத்தில் போடாத பத்திரிகை வாசகருக்குத் துரோகம் செய்தது என்றே சொல்ல வேண்டும். அங்கும் தேவைப்பட்டவை அந்த எண்ணும் தேதியும்தான். ‘பீதியில் மக்கள்’ என்ற வரியால் எந்த வாசகருக்கும் ஒரு ரூபாய்கூடத் திரும்பக் கிடைத்திருக்காது.