செல்லாத நிகாஹ், குறையுள்ள நிகாஹ்: பிள்ளைகளின் பங்கு யாருக்கு?



சில மாதங்களுக்கு முன் ஒரு குடும்பத்தார் பாகப்பிரிவினைக்காக என்னிடம் வந்தார்கள். மௌத்தானவருக்கு முதல் மனைவியிடம் பிள்ளை இல்லை. அவர் ஹயாத்தாக இருக்கும்போதே அவருடைய தங்கையையும் நிகாஹ் செய்துகொண்டார். அந்தத் தங்கைக்கு ஒரு மகன், ஒரு மகள். மௌத்தானவரின் சகோதரர் சொன்னார்: "ஹஜ்ரத், அக்காவும் தங்கையும் ஒருவருக்கு ஹராம். அந்த நிகாஹே கிடையாது. பிள்ளைகளுக்குப் பங்கு எப்படி வரும்?"

அவர் சொன்னதில் பாதி சரி. இரு சகோதரிகளை ஒரே நேரத்தில் மணப்பதை சூரத்துன் னிஸாவின் 23ஆவது வசனம் தடுக்கிறது. ஆனால் ஹராம் என்பதாலேயே நிகாஹ் அடியோடு இல்லாததாகிவிடுமா? இங்கேதான் ஹனஃபி ஃபிக்ஹு பாத்தில், ஃபாஸித் என்று இரண்டாகப் பிரிக்கிறது.

பாத்தில் என்றால் தொடக்கம் முதலே இல்லாதது. வேறொருவரின் மனைவி என்று தெரிந்தே ஒரு பெண்ணை மணப்பது இதில் சேரும். அங்கே மஹர், இத்தா, வாரிசுரிமை எதுவும் இல்லை. பிறக்கும் பிள்ளை தாய்க்கு வாரிசு, அந்த மனிதருக்கு வாரிசு அல்ல. அவர் விரும்பினால் ஹயாத்தில் ஹிபாவாகக் கொடுக்கலாம், அல்லது மூன்றில் ஒரு பாகத்துக்குள் வஸிய்யத் எழுதலாம்.

ஃபாஸித் என்றால் குறையுள்ளது. அந்தப் பெண் என்றென்றும் அவருக்கு ஹராமானவர் அல்ல. அக்கா நிகாஹில் இருப்பதுதான் தடை. அது நீங்கினால் புதிய நிகாஹ் செய்யலாம். அதுவரை இருவரும் பிரிந்தே ஆக வேண்டும், சேர்ந்து வாழ்வது குற்றம். சேர்ந்துவிட்டிருந்தால் தங்கை இத்தா இருக்க வேண்டும்; அது முடியும்வரை கணவர் அக்காவிடமும் நெருங்கக் கூடாது. இதைப் பலர் கேள்விப்பட்டதே இல்லை.

ஆனால் பிள்ளையின் நசபு தந்தையிடம் உறுதியாகிவிடும். பெற்றோர் செய்த தவறுக்கு ஷரீஅத் பிள்ளையின் தலையில் தண்டனை வைப்பதில்லை. கணவன், மனைவி ஒருவருக்கொருவர் வாரிசாவதுதான் இல்லை.

அந்தக் குடும்பத்துக்குப் போட்ட கணக்கைக் கேளுங்கள். எளிதாக இருக்கட்டும் என்று சொத்து 24 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். ஜனாஸா செலவும் கடனும் முதலில் கழியும். அந்தக் கடனில் தங்கையின் மஹரும் சேரும்: பேசிய தொகை, அவர் குடும்பத்துப் பெண்களுக்கு வழக்கமான தொகை, இரண்டில் எது குறைவோ அது. இதெல்லாம் போக மீதிதான் 24 லட்சம். பிள்ளைகள் இருப்பதால் அக்காவுக்கு எட்டில் ஒன்று, 3 லட்சம். மீதி 21இல் மகனுக்கு 14, மகளுக்கு 7. தங்கைக்கு வாரிசுப் பங்கு இல்லை. சகோதரருக்கும் ஒன்றும் இல்லை.

நிகாஹ் பாத்தில் என்றிருந்தால்? பிள்ளைகள் வாரிசுகள் அல்ல. அக்காவுக்கு நான்கில் ஒன்று, 6 லட்சம். மீதி 18ம் சகோதரருக்கு. அவர் ஏன் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டார் என்பது புரிகிறதல்லவா?

நமது நாட்டு நீதிமன்றமும் இதையே ஏற்றது. 2008இல் சாந்த் பட்டேல் எதிர் பிஸ்மில்லா பேகம் வழக்கில் உச்ச நீதிமன்றம், மனைவியின் சகோதரியை மணந்தது ஃபாஸித் என்றும், முறையாக முடிவுக்கு வரும்வரை அந்தப் பெண்ணுக்கும் பிள்ளைக்கும் ஜீவனாம்சம் உண்டு என்றும் தீர்த்தது. ஹனஃபி கிதாபுகள் அந்த மனைவிக்கு நஃபகா தருவதில்லை, நீதிமன்றம் தந்தது.

ஷாஃபிஈ மத்ஹபினர் கேட்பீர்கள். அங்கே நிகாஹில் இந்த இரு வகையைப் பொதுவாகப் பிரிப்பதில்லை. ஆனாலும் ஆகுமென்று நம்பி, தெரியாமல் சேர்ந்திருந்தால் அந்தச் சந்தேகத்தின் காரணமாகவே நசபு உறுதியாகும்.

இன்னொன்றோடு இதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். ரத்து செய்யக்கூடிய நிகாஹ் என்று ஒன்று உண்டு. சிறுவயதில் வலீ முடித்துவைத்ததைப் பெண் பிறகு மறுக்கும் உரிமை அது. 1939ஆம் ஆண்டுச் சட்டப்படி, 15 வயதுக்கு முன் நடந்த நிகாஹை, சேர்ந்து வாழ்ந்திராவிட்டால், 18 வயது ஆகும் முன் அவள் மறுக்கலாம். மறுத்து ரத்தாகும் வரை அது முழு நிகாஹ். இடையில் ஒருவர் மௌத்தானால் மற்றவருக்கு வாரிசுப் பங்கு உண்டு. ஃபாஸிதில் அது இல்லை.

அந்தச் சகோதரர் கணக்கைப் பார்த்துவிட்டு வெகுநேரம் பேசவில்லை. பிறகு பத்திரத்தில் பிள்ளைகளின் பெயரை எழுதச் சொன்னார். தங்கையின் மஹர் இன்னும் கொடுபடாமல் இருந்தது. அதை முதலில் கொடுத்துவிட்டுத்தான் பாகம் பிரித்தோம். உங்கள் வீட்டில் இப்படி ஒரு நிகாஹ் இருந்தால், மௌத்துக்குப் பிறகு வராதீர்கள். இருவரும் ஹயாத்தாக இருக்கும்போதே, நிகாஹ் தஃப்தரின் நகலை எடுத்துக்கொண்டு வாருங்கள்.