ஐம்பது வயதில் வந்து நிற்பவன்

போன மார்கழியில் ஒரு சனிக்கிழமை. ஈஸ்ட் ஹாம் ஹை ஸ்ட்ரீட் நார்த்தில் ஒரு சாப்பாட்டுக் கடையில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தோம்: என் பெரியம்மா மகன், அவருடைய கல்லூரி நண்பர், நான். அவர்கள் இருவரும் 1997-இல் கோவையில் பொறியியல் முடித்து, 2000-இல் லண்டன் வந்து, இரண்டு வருடம் ஒரே அறையில் வாடகைக்கு இருந்தவர்கள். பிறகு பதினைந்து வருடமாகப் பேச்சே இல்லை. இருவருக்கும் இப்போது வயது ஐம்பது.

"டேய், அந்தக் கணக்கு நோட்டு இன்னும் வெச்சிருக்கியா?" என்று நண்பர் ஆரம்பித்தார்.

"எக்ஸெல் ஆயிருச்சு" என்றார் அண்ணன்.

அண்ணன் பஸ் கட்டணத்தைக்கூட எழுதி வைப்பவர். ஹாரோவில் இருக்கும் வீட்டுக் கடனை அடைத்துவிட்டார். நண்பர் அப்படியில்லை. வருடம் தவறாமல் ஊருக்குப் போவார். அப்பா அம்மாவை இங்கே மூன்று முறை கூட்டி வந்து ஸ்காட்லாந்து வரை சுற்றிக் காட்டினார். இன்றும் வாடகை வீடுதான். அவர் பெயரில் இருக்கும் ஒரே சேமிப்பு, அலுவலகம் தானாகப் பிடித்துக்கொண்ட ஓய்வூதியம். பிரிட்டனில் 2012-இல் தொடங்கிய திட்டம் அது. வேண்டாமென்றால் எழுதிக் கொடுத்து விலகலாம். இவர் அதை எழுதிக் கொடுக்க மறந்துவிட்டார்.

"67-இல் வேலையை விடணும்னா இனிமே எவ்வளவுடா போடணும்?" என்று நண்பர் கேட்டபோது குரலில் விளையாட்டு இல்லை. அண்ணன் டிஷ்யூ காகிதத்தில் கணக்குப் போட்டார். ஆண்டுக்கு 5 சதவீதம் வளர்ச்சி என்று வைத்துக்கொண்டால், 25 வயதிலிருந்து மாதம் 150 பவுண்டு போட்டு வருபவருக்கு 67-இல் ஏறக்குறைய 2,56,000 பவுண்டு சேரும். அதே தொகையை ஐம்பதில் ஆரம்பித்துச் சேர்க்க, மாதம் 800 பவுண்டு போட வேண்டும். நண்பர் அந்தக் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "என் பொண்டாட்டிகிட்ட இதை எப்படிச் சொல்றது?" என்றார்.

கொஞ்ச நேரம் கழித்து அண்ணன் சொன்னார்: "எங்கப்பாவோட கடைசி ஆறு வருஷத்துல நான் ரெண்டு தடவைதான் போனேன். அதுக்கு இந்த மாதிரிக் கணக்கு வராதுடா."

திரும்பும் வழியில், எறும்பும் வெட்டுக்கிளியும் கதை இவர்களுக்குப் பொருந்தாது என்று தோன்றியது. அந்தக் கதையில் வெயில்காலத்து எறும்பும் குளிர்காலத்து எறும்பும் ஒரே எறும்பு. மனிதன் அப்படியா? 2017-இல் மறைந்த ஆக்ஸ்ஃபோர்டு தத்துவவாதி டெரெக் பார்ஃபிட், 1984-இல் வெளியான 'ரீசன்ஸ் அண்ட் பெர்சன்ஸ்' நூலில் இதைத்தான் கேட்டார். நினைவும் ஆசையும் குணமும் ஆண்டுகளோடு தேய்ந்து மாறுகின்றன. வெகுநாள் கழித்து வரப்போகும் 'நான்' ஏறக்குறைய வேறொரு ஆள் என்பது அவர் வாதம். அவன் என்னவானால் எனக்கென்ன என்று இருந்துவிடலாமா? முடியாது என்கிறார். அவன் இன்னொருவன் என்றால், அவனுக்குக் கேடு செய்வது இன்னொருவருக்குக் கேடு செய்வதுதான். ஊதாரித்தனம் அப்போது முட்டாள்தனம் என்பதோடு நிற்காமல் அறப்பிழையும் ஆகிவிடுகிறது.

நண்பர் விஷயத்தில் இது சரி. இருபத்தைந்து வயதுக்காரன் ஒருவன் செலவழித்தான். ஐம்பது வயதுக்காரன் ஒருவனும் அவன் மனைவியும் அந்தச் சுமையைத் தூக்குகிறார்கள். அவர்களைக் கேட்டு அவன் செலவழிக்கவில்லை. அந்த ஐம்பது வயதுக்காரனுக்காகக் கொஞ்சமாவது எடுத்து வைத்தது ஒரு சட்டமும் ஒரு மறதியும்தான்.

அதே வாதம் அண்ணன் பக்கமும் திரும்பும். எதிர்கால மனிதன் வேறொருவன் என்றால், அவனுக்காக இன்றைய இளைஞன் எவ்வளவு உழைக்கக் கடமைப்பட்டவன்? அண்ணனின் இளமை ஒரு முதியவருக்கு வேலை பார்த்தது. அந்த முதியவரால் நன்றிக்கடனைத் திருப்பிக் கொடுக்க முடியாது, ஏனென்றால் பணம் முன்னோக்கி மட்டுமே போகும். 2000-இல் சேமித்த 150 பவுண்டு 2025-க்கு வந்து சேரும். 2025-இன் வசதி 2010-இல் திண்ணையில் உட்கார்ந்திருந்த அப்பாவிடம் போய்ச் சேராது.

ஆகவே எவ்வளவு சேமிப்பது என்று கேட்பதற்கு முன், எதைத் தள்ளிப்போடலாம் என்று கேட்க வேண்டும் என நினைக்கிறேன். காரையும் கேமராவையும் தள்ளிப்போடலாம். ஐந்து வருடம் கழித்தும் கடையில் இருக்கும். எண்பதைத் தொடும் பெற்றோரைத் தள்ளிப்போட முடியாது. நண்பர் இரண்டையும் ஒன்றாக நினைத்துச் செலவழித்தார். அண்ணனும் இரண்டையும் ஒன்றாக நினைத்துத்தான் சேமித்தார்.

நண்பர் ஜனவரியிலிருந்து சம்பளத்தில் கூடுதலாக 300 பவுண்டு பிடிக்கச் சொல்லிவிட்டார். அண்ணனின் ஓய்வூதியப் பணத்தைச் சட்டப்படி 57 வயதுக்கு முன் தொட முடியாது. வங்கியில் இருப்பதைத் தொடலாம். திருப்பூரில் பெரியம்மாவுக்கு 78 வயது. போன வாரம் விசாரித்தேன். டிக்கெட் விலை இறங்கட்டும் என்று காத்திருக்கிறாராம்.