டீம் லீடுக்கு ஒரு நன்றி

ஆண்டு மதிப்பீட்டில் டீம் லீடைப் பற்றி எழுதும்போது “நல்ல தலைவர், எப்போதும் உதவுவார்” என்று முடித்துவிடுகிறோம். மனதார எழுதியதுதான். ஆனால் தான் செய்தவற்றில் எது உங்களுக்குப் பயன்பட்டது என்பது அதிலிருந்து அவருக்குத் தெரியாது. பதவி உயர்வுக் கூட்டத்தில் அவருக்காகப் பேச வேண்டிய மேலாளருக்கும் அந்த வரியில் எடுத்துச் சொல்ல எதுவும் இல்லை.

இப்படி எழுதிப் பாருங்கள்: “மார்ச் வெளியீட்டுக்கு இரண்டு நாள் முன்பு வாடிக்கையாளர் புதிதாக ஓர் அறிக்கைப் பக்கம் கேட்டார். லீட் அவரிடம் பேசி, அதை அடுத்த வெளியீட்டுக்கு மாற்றினார். ஏன் மாற்றினார் என்பதை அன்றே எங்களுக்கும் விளக்கினார். அதனால் பணம் செலுத்தும் பகுதியை முழுமையாகச் சோதிக்க முடிந்தது. வெளியீட்டுக்குப் பின் அவசரத் திருத்தம் எதுவும் தேவைப்படவில்லை.” சூழல், அவர் செய்தது, அதன் விளைவு மூன்றும் இதில் வந்துவிடுகின்றன. அடுத்த முறை இதே நெருக்கடி வந்தால் எதைத் திரும்பச் செய்வது என்று அவருக்குத் தெரியும்.

சிலவற்றில் கவனம் தேவை. “இரவு பதினொரு மணிக்கும் போனை எடுப்பார்” என்ற பாராட்டு அந்தப் பழக்கத்தையே வளர்க்கும். வேலையைப் பகிர்ந்து கொடுக்கத் தெரியாதவர் என்றும் மேலாளர் அதைப் புரிந்துகொள்ளக்கூடும். நீங்கள் கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதுங்கள். மதிப்பீட்டு மாதம்வரை காத்திருந்தால் விவரம் மறந்துபோகும். நடந்த அன்றே இரண்டு வரி குறித்து வையுங்கள்.