புதூர்நாட்டு உயிருக்கு விலை எழுதாதீர்கள்

2022 ஏப்ரல் 2, தெலுங்குப் புத்தாண்டு. சவ்வாது மலையில் புதூர்நாட்டை அடுத்த புலியூரிலிருந்து செம்பரை மலைக் கோயிலுக்கு ஆட்களை ஏற்றிச் சென்ற வேன் மலைப்பாதையில் பள்ளத்தில் உருண்டது. 11 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். அடுத்த ஆண்டு மே மாதம், இதே சவ்வாது மலைத்தொடரில் வேலூர் மாவட்ட அல்லேரி மலையில், பாம்பு கடித்து இறந்த குழந்தையின் உடலை ஆம்புலன்ஸ் பாதிவழியில் இறக்கிவிட, தாய் கையில் ஏந்தி நடந்தாள். அன்று அதற்கு மேல் வண்டி போகச் சாலை இருக்கவில்லை.

மலைச்சாலைக்கும் தடுப்புச்சுவருக்கும் திட்ட மதிப்பீடு எழுதும் பொறியாளர்களே, அதில் கையெழுத்திடும் அதிகாரிகளே, உங்களிடம்தான் பேசுகிறேன். செலவு-பயன் கணக்கில் ‘தவிர்க்கப்படும் உயிரிழப்பு’ என்ற இனத்துக்கு நேரே ரூபாயை எழுதும்முன் ஒரு நிமிடம் நில்லுங்கள்.

அந்த ரூபாய் எங்கிருந்து வருகிறது? ஒரு வழி, இறந்தவர் இன்னும் எவ்வளவு சம்பாதித்திருப்பார் என்று கணக்கிடுவது. இன்னொன்று, ஆபத்தைக் குறைக்க மக்கள் எவ்வளவு கொடுப்பார்கள், ஆபத்தான வேலைக்கு எவ்வளவு கூடுதல் கூலி கேட்பார்கள் என்று பார்த்து விலையை ஊகிப்பது. முதல் வழியில் தன் வீட்டுக்குச் சாமை விளைவித்து, குத்திச் சோறாக்கும் மலையாளிப் பழங்குடிப் பெண்ணுக்கு வருமானமே இல்லை. இரண்டாம் வழி மடியில் இருக்கும் பணத்தை அளக்கிறதே தவிர உயிராசையை அளப்பதில்லை.

ஒரு கற்பனைக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒரு கொண்டை ஊசி வளைவில் தடுப்பு கட்ட 1 கோடி ரூபாய் ஆகும். கட்டினால் இரண்டு ஆண்டுக்கு ஓர் உயிர் பிழைக்கும். 20 ஆண்டில் 10 உயிர். மலைவாசியின் வருமானத்தை வைத்து உயிருக்கு 20 லட்சம் எழுதுகிறீர்கள். சாலைத் திட்டங்களில் வழக்கமான 12 சதவீதத்தில், பின்னால் வரும் பயனை இன்றைய மதிப்புக்குக் குறைக்கிறீர்கள். மொத்தப் பயன் சுமார் 75 லட்சம்தான். தடுப்பு வேண்டாம் என்கிறது கணக்கு. அதே வளைவில் நகரத்துக்காரர் போய்வருவதாகக் கொண்டு உயிருக்கு 1 கோடி எழுதினால் பயன் 3.7 கோடியைத் தாண்டுகிறது, உடனே கட்டலாம். பள்ளத்தின் ஆழம் மாறவில்லை, சாவும் மாறவில்லை, விழுபவரின் வருமானம் மட்டுமே மாறியது. அந்த 12 சதவீதம் செய்வதையும் கவனியுங்கள். இருபதாம் ஆண்டில் காப்பாற்றப்படும் உயிர் 20 லட்சத்திலிருந்து 2 லட்சமாகச் சுருங்கிவிடுகிறது. இன்று தொட்டிலில் கிடக்கும் பிள்ளை பெரியவனாகி அந்த வளைவில் வரும்போது, அவன் உயிர் பத்தில் ஒரு பங்குதானா?

உலக அரங்கிலும் இது நடந்தது. 1995இல் பருவநிலை மாற்றத்துக்கான ஐ.நா. அறிவியல் குழுவின் அறிக்கைக்காகப் பொருளியலாளர்கள் போட்ட கணக்கில், பணக்கார நாட்டு உயிர் ஏழை நாட்டு உயிரைவிடப் பதினைந்து மடங்கு வரை மதிப்புப் பெற்றது. இந்தியாவின் சுற்றுச்சூழல் அமைச்சராக இருந்த கமல்நாத் அதைக் கடுமையாக எதிர்த்தார். வெளிநாட்டான் நம் உயிரைக் குறைத்து எழுதியபோது வந்த கோபம், நாமே மலைமேல் இருப்பவரின் உயிரைக் குறைத்து எழுதும்போது ஏன் வருவதில்லை?

பணம் அளவோடுதானே இருக்கிறது, எதையாவது வைத்துத் தேர்ந்தெடுக்க வேண்டாமா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. தேர்ந்தெடுங்கள், எந்த வேலைக்கு எத்தனை உயிர் பிழைக்கும் என்று உயிரை உயிராகவே எண்ணி ஒப்பிடுங்கள். ரூபாய் எழுதியே ஆக வேண்டும் என்று விதி இருந்தால் எல்லோருக்கும் ஒரே தொகையை எழுதுங்கள். அமெரிக்கப் போக்குவரத்துத் துறைகூட ஏழைக்கும் பணக்காரருக்கும் ஒரே எண்ணைத்தான் வைத்திருக்கிறது. விபத்து இழப்பீட்டுக் கணக்கை இங்கே கொண்டுவராதீர்கள். இறந்தவரை நம்பியிருந்த குடும்பத்தின் இழப்பை ஈடுகட்டவே நீதிமன்றம் வருமானம் பார்க்கிறது. இன்னும் உயிரோடு இருப்பவரைக் காப்பதா விடுவதா என்று தீர்மானிக்க அந்த எண் செய்யப்படவில்லை.

சில செலவுகளைக் கணக்குக்கே கொண்டுபோகக் கூடாது. ஆம்புலன்ஸ் ஊருக்குள் வந்து போகும் பாதை அப்படிப்பட்டது. அதை லாபநட்டம் பார்த்து மறுக்க யாருக்கும் உரிமை கிடையாது. தன் இஷ்டப்படி ஆபத்தை ஏற்று அதற்குக் கூடுதல் கூலி வாங்குபவர் வேறு. பாதை இல்லாததால் ஆபத்துக்குள் தள்ளப்பட்டவர் வேறு. புதூர்நாட்டில் யாரும் அந்த ஆபத்துக்குச் சம்மதம் சொல்லவில்லை, யாரும் அவர்களிடம் கேட்கவும் இல்லை.

ஆகவே அடுத்த மதிப்பீட்டை அலுவலகத்தில் முடித்துவிடாமல் கிராம சபைக்குக் கொண்டுபோங்கள். எந்த உயிருக்கு எவ்வளவு எழுதியிருக்கிறீர்கள் என்பதை அந்த மக்கள் முன் தமிழில் வாசியுங்கள். அவர்கள் முகத்தைப் பார்த்து வாசிக்க முடியாத எண்ணை அடித்துவிட்டு, பிறகு கையெழுத்திடுங்கள்.