விலைப்பட்டியல் எங்கே?

ஹோட்டல்காரர் வாட்ஸப்பில் விலை கேட்டு மூன்று நாள் ஆகிறது. நீங்கள் இன்னும் "எத்தனை பீஸ் வேணும் சார்?" என்று இழுக்கிறீர்கள்!

எதற்குப் பயம்? பக்கத்துத் தறிக்காரர் பார்த்துவிடுவார் என்றா? அவருக்கு உங்கள் விலை எப்போதோ தெரியும். தெரியாதவர் வாங்க வந்தவர்தான்!

உட்காருங்கள். இன்றைக்கே எழுதுங்கள்.

ஒரே ஒரு குளியல் துண்டை எடுங்கள். 30க்கு 60 அங்குலம், 400 ஜி.எஸ்.எம்., கருநீலம். கோடு: TT-3060-400-NB. பார்த்ததுமே அளவும் கனமும் நிறமும் தெரிகிறதல்லவா?

வெறும் 0045 என்று போடாதீர்கள். எக்ஸெல் அதை 45 ஆக்கிவிடும். அப்புறம் எந்தத் துண்டு என்று யார் தேடுவது? நிறுத்திவிட்ட சரக்கின் கோடைப் புதுச் சரக்குக்கும் கொடுக்காதீர்கள். பழைய பட்டியலை வைத்திருப்பவர் ஆர்டர் போடுவார். வேறு துண்டு போய் இறங்கும்!

"குறைந்தபட்ச ஆர்டர் போட்டால் ஆள் ஓடிவிடுவாரே!" ஓடட்டும்! பெட்டிக்கு 60 பீஸ் என்றால் 60தான் தொடக்கம். பெட்டியைப் பிரித்து 25 கொடுத்தால் மீதி 35ஐ யார் தலையில் கட்டுவீர்கள்?

தனி நிறம் கேட்கிறாரா? சாயப்பட்டறையைக் கேளுங்கள். ஒரு ஈட்டுக்கு 120 கிலோ வேண்டும் என்கிறார்கள். இந்தத் துண்டு ஏறக்குறைய 464 கிராம். அப்படியானால் ஈட்டுக்குச் சுமார் 258 துண்டு. செகண்ட்ஸ் கழித்தால் நான்கு பெட்டி, 240. அதுதான் தனி நிறத்துக்கு உங்கள் குறைந்தபட்ச ஆர்டர். கூச்சமில்லாமல் எழுதுங்கள்!

இப்போது விலை. பலர் மேலிருந்து குறைத்துக்கொண்டே வருகிறார்கள். கடைசியில் கை கடிக்கிறது. கீழிருந்து ஏறுங்கள்! அடக்கம் 182 ரூபாய் என்று வையுங்கள். 1,200 பீஸுக்கு 195. அதற்குக் கீழே இறங்கவே மாட்டேன் என்று முடிவெடுங்கள். பிறகு 300க்கு 205, 60க்கு 220.

முடிந்துவிட்டதா? இல்லை! ஒருவர் 280 கேட்கிறார். 220 வீதம் 61,600 ரூபாய். 300 எடுத்தால் 61,500தான்! சரக்கு கூட, பில் குறைவு. இதை வாங்குகிறவர் கண்டுபிடித்துக் கேட்டால் எங்கே முகத்தை வைத்துக்கொள்வீர்கள்?

"முழுப் பெட்டிகளாக மட்டும்" என்று ஒரு வரி சேருங்கள். 240க்கு அடுத்தது 300தான். 240க்கு 52,800, 300க்கு 61,500. ஓட்டை அடைபட்டது!

ஜி.எஸ்.டி. தனி, லாரி வாடகை தனி என்று அடியில் போடுங்கள். விலை எந்தத் தேதி வரை என்றும் போடுங்கள். நூல் விலை உங்களைக் கேட்டா ஏறுகிறது?

நூறு சரக்குக்கும் எழுதி முடிக்கக் காத்திருக்காதீர்கள். அதிகம் ஓடுகிற பத்துச் சரக்கு போதும். பி.டி.எஃப். ஆக்குங்கள். அந்த ஹோட்டல்காரருக்கு இன்று இரவே அனுப்புங்கள்!